ஒரே கவரில் ட்ரனெக்ஸாமிக்கும் மெஃபனமிக்கும்: எதை எப்போது எடுப்பது?

கொட்டகலைக்காரி | ஞாயிறு, மாலை 6.40

அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 41, தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிறந்ததோடு ஆப்பரேஷனும் செய்தாகிவிட்டது, அதனால் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எதுவும் இல்லை.

ஒரு வருடமாக பீரியட்ஸ் மோசம். முதல் மூன்று நாள் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு பேட் மாற்ற வேண்டியிருக்கிறது. கட்டி கட்டியாகவும் போகிறது, சிலது பத்து ரூபாக் குத்தி அளவு. மலையில் நிற்கும்போது மாற்ற எங்கே போவது? இடுப்பில் கட்டுகிற படங்குக்கு உள்ளே இன்னொரு துணியையும் சுற்றிக்கொண்டு போகிறார். முடியாத நாளில் மதியத்தோடு இறங்கினால் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான் கிடைக்கும். வலியும் உண்டு, அடிவயிறும் இடுப்பும் பிடித்து இழுக்கிறதாம்.

டவுனில் ஒரு பாமசியில் சொல்லி மாத்திரை வாங்கி வந்தார். சின்ன பேப்பர் கவர் ஒன்றில் இரண்டு வகை, மட்டையிலிருந்து வெட்டிப் போட்டது. ஒன்று ட்ரனெக்ஸாமிக் 500, மற்றது மெஃபனமிக் 500. கவரில் பேனையால் 1 × 3 என்று மட்டும் எழுதியிருக்கிறது. எது எதற்கு என்று சொல்லவில்லை போல. அக்கா வலி வந்தால் ட்ரனெக்ஸாமிக்கையும், அதிகம் போனால் மெஃபனமிக்கையும் எடுத்திருக்கிறார். அதுவும் திகதி பார்த்து இரண்டு நாள் முன்னாலேயே தொடங்கிவிடுகிறார். பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார். எப்படி எடுப்பது சரி? இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா? அக்கா பிரஷருக்கும் மருந்து எடுக்கிறார்.

ஊவா மைந்தன் | ஞாயிறு, இரவு 7.15

தங்கச்சி, முதலில் அந்த ட்ரனெக்ஸாமிக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அது இரத்தத்தை உறைய வைக்கிற மாத்திரை. பிரஷர் உள்ளவர்கள் எடுத்தால் மூளையில் அடைப்பு வந்துவிடும். என் மனைவிக்கும் இதைத்தான் கொடுத்தார்கள், நான் இரண்டாம் நாளே நிறுத்திவிட்டேன். மெஃபனமிக் பரவாயில்லை. அது சாதாரண வலி மாத்திரை, நாங்கள் பல்வலிக்கே போடுகிறோம்.

செல்வி நானுஓயா | ஞாயிறு, இரவு 7.52

முன்னாலேயே தொடங்குவதுதானே சரி? எங்கள் கோயில் தேருக்கு மூன்று நாள் இருக்கும்போதே தொடங்கி நான் ஒரு நாளைக்கு மூன்று எடுத்தேன். தேர் முடியும் வரை வரவே இல்லை. நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வந்தது. அக்கா இரண்டு நாள் முன்னால் எடுப்பதுதான் பிழை, மூன்று நாளாக்கச் சொல்லுங்கள்.

பண்டாரவளை பாமசிஸ்ட் | ஞாயிறு, இரவு 9.05

செல்வி, நீங்கள் எடுத்தது நோரெதிஸ்டெரோன். அது ஹோர்மோன் மாத்திரை, பீரியட்ஸைத் தள்ளிப்போடக் கொடுப்பது. அதை முன்னாலேயே தொடங்கத்தான் வேண்டும். இங்கே கேட்டிருக்கும் இரண்டும் தள்ளிப்போடாது. அக்கா ஒரு வாரம் முன்னால் தொடங்கினாலும் வரவேண்டிய நாளில் வந்தே தீரும். யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கொட்டகலைக்காரி, உங்கள் அக்கா இரண்டையும் இடம் மாற்றி எடுத்திருக்கிறார். ட்ரனெக்ஸாமிக் போக்கைக் குறைக்கும், வலிக்கு ஒன்றும் செய்யாது. மெஃபனமிக் வலிக்கு உரியது. போக்கையும் கொஞ்சம் குறைக்கும், நாலில் ஒரு பங்கு அளவில். ட்ரனெக்ஸாமிக் சரியாக எடுத்தால் சிலருக்குப் பாதியளவு வரை குறைகிறது. ஒன்றோடு ஒன்று மோதாத மருந்துகள், அதனால் டொக்டர்மார் இரண்டையும் சேர்த்தே எழுதுவதும் உண்டு.

எப்படி எடுப்பது என்று சொல்ல முன்னம் எனக்குச் சில விடயங்கள் தெரிய வேண்டும். பிரஷருக்கு என்ன மாத்திரை, மட்டையைப் பார்த்துப் பெயரைச் சொல்லுங்கள். அக்காவுக்கு எப்போதாவது காலில் இரத்தக்கட்டி, நெஞ்சில் இரத்தக்கட்டி என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களா? வலிப்பு, சிறுநீரக வருத்தம், அல்சர் இருக்கிறதா? பீரியட்ஸ் முடிந்த பிறகு, அடுத்தது வர முன்னம், இடையில் இரத்தம் படுகிறதா? மாத்திரையை எதோடு எடுக்கிறார்?

ஊவா மைந்தன் அண்ணன் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிக்கு நாளை வருகிறேன்.

கொட்டகலைக்காரி | திங்கள், இரவு 8.20

அக்காவுடன் போனில் பேசினேன். பிரஷருக்குக் காலையில் லோசார்டன் 50 ஒன்று, அதோடு தண்ணி போகிற மாத்திரை ஒன்று. கட்டி, வலிப்பு எதுவும் இல்லை. சிறுநீரகம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதற்கென்று இரத்தமும் சோதித்ததில்லை. காலையில் பிளேன் டீயோடு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு மலைக்குப் போவார். ரொட்டி சாப்பிடுவது பத்து மணிக்கு மேல்தான். மாத்திரை எடுக்கிற நாட்களில் நெஞ்செரிச்சல் என்கிறார், அதைக் கேஸ் என்று விட்டுவிட்டார்.

இடையில் படுகிறதா என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்தார். கடைசி இரண்டு மாதமும் பீரியட்ஸ் முடிந்து பத்து நாள் போல கழித்து லேசாகப் பட்டதாம். யாரிடமும் சொல்லவில்லை.

பண்டாரவளை பாமசிஸ்ட் | திங்கள், இரவு 10.10

நல்லது, இப்போது படம் தெளிவாகிறது.

முதலில் ட்ரனெக்ஸாமிக். கர்ப்பப்பையின் உள்தோல் கழன்று விழும்போது கீழே உள்ள சிறு குழாய்களின் வாய் திறந்துகொள்ளும். உடம்பு அங்கே சின்னச் சின்ன அடைப்புப் போட்டு அதை மூடும். அந்த அடைப்பைக் கரைக்கிற வேலையும் உடம்பிலேயே நடக்கிறது. சிலருக்கு அது அளவுக்கு மிஞ்சி நடப்பதால்தான் நிற்காமல் போகிறது. இந்த மாத்திரை அந்தக் கரைப்பைத் தடுக்கும், அவ்வளவுதான். புதிதாக இரத்தத்தை உறைய வைக்காது. போட்ட அடைப்பைத்தான் கொஞ்ச நேரம் தங்க வைக்கிறது. அதனால் இரத்தம் தொடங்க முன்னம் எடுத்துப் பயனில்லை, அங்கே காப்பாற்ற அடைப்பே கிடையாது. பீரியட்ஸ் வர முன்னம் அக்கா அந்த இரண்டு நாளும் எடுத்தது வீண்.

நன்றாகப் போகத் தொடங்கியதும் ஆரம்பிக்க வேண்டும். பெரியவர்களுக்கு வழமையான அளவு ஒரு வேளைக்கு 1 கிராம், அதாவது 500 மாத்திரை இரண்டு, நாளுக்கு மூன்று வேளை. அதிகம் போகிற நாட்களுக்கு மட்டும், கூடினால் நாலு நாள். கவரில் எழுதிய 1 × 3 இதில் பாதி. போதிய பலன் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே இரட்டிப்பாக்க வேண்டாம். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அது உடம்பில் தேங்கும், அப்போது அளவைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள், ரொம்ப மோசமென்றால் கொடுக்கவே மாட்டார்கள். அக்காவுக்கு அந்தச் சோதனையே செய்யவில்லை என்கிறீர்கள்.

நேரத்தைத் தோட்ட வேலைக்கு ஏற்ப வைக்கலாம். மலைக்குப் போக முன்னம் ஆறு ஆறரை, மதியச் சாப்பாட்டு நேரம், இரவு படுக்கும்போது. இதைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும் என்றில்லை. குமட்டலோ வயிற்றோட்டமோ வந்தால் சாப்பிட்ட பிறகு எடுக்கலாம். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் நாலாகப் போடக் கூடாது, வழமையான இரண்டுதான்.

மெஃபனமிக்கின் கதை வேறு. உள்தோல் கழலும்போது சுரக்கிற ஒரு பொருள்தான் கர்ப்பப்பையை இறுக்கிப் பிழிகிறது, வலி அதனால் வருகிறது. மெஃபனமிக் அதை உற்பத்தியாகாமல் தடுக்கும். ஏற்கனவே உற்பத்தியானதை ஒன்றும் செய்யாது. அதனால் வலி முற்றிய பிறகு எடுத்தால் சுணங்கும். முதல் இழுப்புத் தெரிந்ததும் அல்லது இரத்தம் கண்டதும் 500 ஒன்று, நாளுக்கு மூன்று வேளை, இரண்டு மூன்று நாள். கட்டாயம் சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் பிளேன் டீயோடு போட்டால் அக்கா சொல்கிற அந்த நெஞ்செரிச்சல்தான் வரும். அதைக் கேஸ் என்று விடக் கூடாது.

உங்கள் அக்காவின் நிலைமையில் மெஃபனமிக்தான் எனக்கு அதிகம் இடிக்கிறது. லோசார்டன் ஒன்று, தண்ணி மாத்திரை ஒன்று, மூன்றாவதாக மெஃபனமிக். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்த ஓட்டம் குறையலாம். வெயிலில் நின்று, மாற்ற இடமில்லாததால் தண்ணீரும் குடிக்காமல் இருக்கிற ஆளுக்கு இது சின்ன விடயம் இல்லை. பிரஷரையும் ஏற்றிவிடும். இரத்தம் சோதிக்கும் வரை வலிக்குப் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல். வயிற்றில் சுடுதண்ணீர்ப் போத்தல்.

ஊவா மைந்தன் அண்ணன், காலில் அல்லது நெஞ்சில் இரத்தக்கட்டி இருப்பவர்கள், முன்பு வந்தவர்கள், வலிப்பு வந்தவர்கள் ட்ரனெக்ஸாமிக் எடுக்கக் கூடாது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பிரஷர் இருப்பது மட்டும் அதற்குத் தடை இல்லை. நீங்கள் பரவாயில்லை என்று விட்ட மெஃபனமிக்தான் பிரஷர்காரர்களுக்கு யோசித்துக் கொடுக்க வேண்டிய மருந்து.

ஊவா மைந்தன் | திங்கள், இரவு 10.48

புதிதாக உறைய வைக்காது என்கிறீர்கள். அப்படியென்றால் மாத்திரை எடுத்த நாளில் என் மனைவிக்கு ஏன் கட்டிகள் கூடுதலாகப் போனது? கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வார்டு சிஸ்டர் (ஓய்வு) | செவ்வாய், காலை 5.55

தம்பி, கட்டி போவது மாத்திரையால் மட்டும்தான் என்றில்லை. இரத்தம் வேகமாக நிறைய வந்தால் கர்ப்பப்பைக்குள் தேங்கி உறைந்து கட்டியாக விழும். மாத்திரை இல்லாத மாதத்திலும் அப்படி விழும். மாத்திரை எடுத்தால் கட்டி கரையாமல் கொஞ்சம் முழுதாக வெளியே வரவும் கூடும். அதைப் பார்த்துப் பயப்படுவதை விட மொத்தத்தில் எத்தனை பேட் மாறுகிறது என்று எண்ணுங்கள். அது குறைந்தால் மருந்து வேலை செய்கிறது.

பாமசிஸ்ட் சொன்ன ஒரு விடயத்தில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. லோசார்டன் எடுக்கிறவர்களுக்கு மூன்று நாள் மெஃபனமிக் எழுதிக் கொடுத்ததை வார்டிலும் கிளினிக்கிலும் பலமுறை பார்த்திருக்கிறேன். சிறுநீரகச் சோதனை நன்றாக இருந்து, தண்ணீரும் ஒழுங்காகக் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. வலியில் துடிக்கிறவளிடம் பனடோல் போதும் என்பதும் எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் இடையில் இரத்தம் படுகிறது என்கிறாரே, அதுதான் எனக்குப் பெரிய விடயம். அதற்குக் காரணம் தெரியாமல் மாதா மாதம் ட்ரனெக்ஸாமிக் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நாற்பது தாண்டிய பெண். கர்ப்பப்பையில் வளர்கிற சதைக்கட்டியாக இருக்கலாம், பொலிப்பாக இருக்கலாம், கர்ப்பப்பை வாயில் புண்ணாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். ஆப்பரேஷன் செய்திருந்தாலும் முதலில் ஒரு கர்ப்பச் சோதனை செய்வார்கள், அதற்குக் கோபப்பட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். ஆப்பரேஷனுக்குப் பிறகும் அருமையாகக் கர்ப்பம் தங்குவதுண்டு, அது குழாயில் தங்கினால் உயிருக்கே ஆபத்து.

பண்டாரவளை பாமசிஸ்ட் | செவ்வாய், காலை 7.30

சிஸ்டர், சோதனை நன்றாக இருந்தால் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சோதனையே செய்யவில்லை என்பதுதான் என் பிரச்சினையும். செய்த பிறகும் தண்ணி மாத்திரையோடு சேர்த்து நான் தயங்குவேன். வார்டில் ஆளைப் பார்த்துக்கொண்டு கொடுப்பது வேறு, தோட்டத்தில் இருக்கிறவருக்குக் கவரில் போட்டு அனுப்புவது வேறு. இடையில் படுவது பற்றி நீங்கள் சொன்னதில் மாற்றுக் கருத்தே இல்லை. கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும்.

ரம்பொடை ரதி | செவ்வாய், மதியம் 12.40

நான் மித்துரி குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கிறேன், வயது 33. எனக்கும் இப்போது அதிகம் போகிறது. அந்த ட்ரனெக்ஸாமிக்கை நானும் வாங்கிப் போடலாமா? சிகரெட் எல்லாம் இல்லை.

பண்டாரவளை பாமசிஸ்ட் | செவ்வாய், மதியம் 1.20

நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். மித்துரியில் ஈஸ்ட்ரஜன் இருக்கிறது. அது தானே இரத்தக்கட்டி அபாயத்தைக் கொஞ்சம் கூட்டும். அதற்கு மேல் ட்ரனெக்ஸாமிக்கையும் சேர்ப்பது பற்றி எல்லா நாட்டிலும் ஒரே கருத்து இல்லை. அமெரிக்காவில் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்று மருந்துத் தாளில் போட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் கவனமாகக் கொடு என்கிறார்கள். என் கவுண்டரில் டொக்டரின் சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை.

இன்னொன்று. மித்துரி ஒழுங்காக எடுத்தால் போக்கு வழமையாகக் குறையத்தான் வேண்டும். உங்களுக்குக் கூடுகிறது என்றால் இடையில் மாத்திரை தவறுகிறதா என்று பாருங்கள். தவறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம், அதைத்தான் தேட வேண்டும்.

ரம்பொடை ரதி | செவ்வாய், மதியம் 1.34

தவறும்தான். இரவு வேலை இருக்கிற வாரத்தில். சரி, மருத்துவமாது மிஸ்ஸிடம் கேட்கிறேன்.

பேராதனைப் பிள்ளை | செவ்வாய், மாலை 4.05

எனக்கு 20. போக்கு அதிகம் இல்லை, ஆனால் முதல் நாள் வலியில் லெக்சருக்கே போக முடியாது. மெஃபனமிக் நன்றாகக் கேட்கிறது. ஆஸ்துமா இழுப்பு இருப்பதால் அம்மா எடுக்காதே என்கிறார். பம்பும் பாவிக்கிறேன். இன்னொன்று, எனக்குச் சுழற்சி சரியாக 28 நாள். வருவதற்கு முதல் நாளே தொடங்கலாமா?

வார்டு சிஸ்டர் (ஓய்வு) | செவ்வாய், மாலை 5.10

மகள், மெஃபனமிக் எடுத்துப் பழகியும் ஒருநாளும் இழுப்புக் கூடவில்லை என்றால் உங்களுக்கு அது ஒத்துக்கொள்கிறது என்றே எடுக்கலாம். இழுப்புள்ள எல்லாருக்கும் அது ஆகாது என்றில்லை. அஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனக், மெஃபனமிக், இதில் எதை எடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைக்கிறது, மூக்கு ஒழுகுகிறது என்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த இனத்தையே தொடக் கூடாது. இருந்தாலும் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லிவிட்டே தொடருங்கள்.

சுழற்சி அவ்வளவு சரியாக இருந்தால் வலி வரும் நாளுக்கு முதல் நாள் தொடங்கச் சொல்கிற டொக்டர்மாரும் உண்டு. கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் மட்டும் அப்படி முன்கூட்டி எடுக்க வேண்டாம், வந்த பிறகு தொடங்குங்கள்.

நீங்கள் கண்டிப் பக்கம் இருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லி வைக்கிறேன். பீரியட்ஸ் வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் மெஃபனமிக்கைத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். பனடோல் மட்டும் எடுத்து, அன்றே இரத்தம் சோதியுங்கள். காய்ச்சலோடு பீரியட்ஸ் வழமையை விட அதிகம் போனால் வீட்டில் இருக்கவே வேண்டாம்.

பண்டாரவளை பாமசிஸ்ட் | செவ்வாய், மாலை 5.45

சிஸ்டர் சொன்னதோடு இன்னும் ஒன்று. மெஃபனமிக் எடுத்து வயிற்றோட்டம் பிடித்தால் நிறுத்திவிடுங்கள். அது இந்த மருந்துக்கே உரிய குணம், திரும்ப எடுத்தாலும் பெரும்பாலும் அதேதான் வரும். அல்சர் இருக்கிறவர்கள், முன்பு வயிற்றில் இரத்தம் கசிந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், வார்ஃபரின் எடுக்கிறவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். வலி போகவில்லை என்று இரண்டு மூன்றாக அள்ளிப் போடுகிற பழக்கமும் கூடாது, அளவு மிஞ்சினால் வலிப்பு வரும்.

கொட்டகலைக்காரி | வியாழன், இரவு 8.30

அக்காவைப் போன் பண்ணிக் கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒரு பேர் போய்விடும் என்று முனகினார். இடையில் படுகிறது என்று சொன்னதும் கர்ப்பச் சோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. கர்ப்பப்பை வாயை விளக்கு வைத்துப் பார்த்து, மாதிரியும் எடுத்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 8.4 என்று வந்திருக்கிறது. சிறுநீரகச் சோதனை நோமல். ஸ்கேனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள், அது அடுத்த மாதம்தான்.

அதுவரைக்கும் ட்ரனெக்ஸாமிக் இரண்டு வீதம் மூன்று வேளை, நாலு நாள். மெஃபனமிக்கை இப்போது வேண்டாம் என்று டொக்டர் வெட்டிவிட்டார், நெஞ்செரிச்சலைக் கேட்ட பிறகு. இரும்பு மாத்திரையும் தந்திருக்கிறார்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டாராம். ட்ரனெக்ஸாமிக் எடுக்கும்போது என்ன நடந்தால் நிறுத்த வேண்டும்?

பண்டாரவளை பாமசிஸ்ட் | வியாழன், இரவு 9.25

8.4 என்றால் மேடேறி இறங்கும்போது மூச்சு வாங்கியிருக்குமே. பாவம், வயதாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் நிறுத்தி உடனே ஆஸ்பத்திரி. இரண்டு காலும் மாலையில் வீங்குவது நின்றுகொண்டே வேலை செய்வதால் இருக்கலாம், ஒரு காலில் மட்டும் வருவதுதான் சந்தேகத்துக்கு உரியது. திடீரென்று மூச்சு முட்டினாலும், நெஞ்சு குத்தினாலும், ஒரு பக்கம் கை கால் இழுத்தாலும் அதேதான். நிறங்கள் மாறித் தெரிந்தால், பார்வை மங்கினால் அதற்கும் நிறுத்த வேண்டும்.

மாத்திரை எடுத்தும் மணிக்கு ஒரு பேட் என்று இரண்டு மூன்று மணித்தியாலம் தொடர்ந்தால், அல்லது எழும்பும்போது கண் இருண்டால், ஸ்கேன் திகதி வரட்டும் என்று பார்க்க வேண்டாம்.

இரும்பு மாத்திரையைத் தேயிலைக்காரர்கள் பிளேன் டீயோடுதான் விழுங்குவார்கள். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். தேசிக்காய் தண்ணீரோடு எடுத்தால் நல்லது.

வார்டு சிஸ்டர் (ஓய்வு) | வெள்ளி, காலை 6.10

இரும்பு எடுத்தால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு போனால் அது வேறு, வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது. அக்காவுக்கு ஏற்கனவே நெஞ்செரிச்சல் இருந்ததால் சொல்கிறேன். வீட்டில் மிச்சம் இருக்கிற மெஃபனமிக்கை வாங்கி வைத்துவிடுங்கள். பல்வலிக்கு என்று எடுத்துப் போட்டுவிடுவார்.

ஊவா மைந்தன் | வெள்ளி, இரவு 8.02

மனைவியிடம் பேட் கணக்கைக் கேட்டேன். மாத்திரை எடுத்த நாளில் குறைந்துதான் இருந்ததாம், என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் அவளுடைய அப்பாவுக்குக் காலில் கட்டி வந்து நிறைய நாள் வார்டில் இருந்தவர். அப்படிக் குடும்பத்தில் இருந்தால் எடுக்கலாமா?

பண்டாரவளை பாமசிஸ்ட் | வெள்ளி, இரவு 9.15

அண்ணன், இது நல்ல கேள்வி. அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது, ஏதாவது ஆப்பரேஷனுக்குப் பிறகா, ஒரு காரணமும் இல்லாமலா என்பதைப் பொறுத்தது. இளவயதில் காரணமில்லாமல் வந்திருந்தால் அது பரம்பரையாக வரக்கூடிய வகையாக இருக்கலாம். அதை டொக்டரிடம் சொல்லாமல் எடுக்கவே வேண்டாம். இதில் ஆம், இல்லை என்று இங்கிருந்து நான் சொல்ல மாட்டேன்.

கொட்டகலைக்காரி | மூன்று கிழமைக்குப் பிறகு

சும்மா சொல்லிவிட்டுப் போக வந்தேன். இந்த முறை பீரியட்ஸ் தொடங்கிய அன்று காலையே அக்கா முதல் இரண்டைப் போட்டார். முதல் நாள் அதே மாதிரிதான் போனது. இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் குறைந்து, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு பேட் என்று ஆனது. மூன்றாம் நாள் மலைக்கு முழுப்பேருக்கும் போயிருக்கிறார். கொஞ்சம் குமட்டல், வேறு ஒன்றும் இல்லை. வலிதான் போகவில்லை, பனடோல் பாதிதான் கேட்கிறதாம். இடையில் திரும்பவும் ஒரு நாள் பட்டது. மாதிரி எடுத்ததன் முடிவு இன்னும் வரவில்லை, ஸ்கேன் வருகிற புதன்.

வார்டு சிஸ்டர் (ஓய்வு) | அன்றிரவு

வலிக்கு வயிற்றைப் பாதுகாக்கிற மாத்திரையோடு மெஃபனமிக்கை மூன்று நாள் மட்டும் தரலாமா என்று புதன்கிழமை டொக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். சிறுநீரகச் சோதனை நோமல் என்று காட்ட அந்தத் துண்டையும் கொண்டுபோகட்டும்.

பண்டாரவளை பாமசிஸ்ட் | அன்றிரவு

கேட்கலாம். தண்ணி மாத்திரை எடுக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேட்கட்டும். இடையில் பட்ட நாளையும் குறித்துக்கொண்டு போகட்டும். இந்த மாத்திரையால் மூன்று சுழற்சிக்குள் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதையே பிடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை, வேறு வழி இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹோர்மோன் லூப் ஒன்று உண்டு, போக்குக்கு மாத்திரைகளை விட நன்றாகக் கேட்கும். அது ஸ்கேனைப் பார்த்து அவர்கள் சொல்ல வேண்டியது.

செல்வி நானுஓயா | அன்றிரவு

அந்த லூப் போட்டால் தேருக்கு மாத்திரை எடுக்கத் தேவையே இல்லையா?

பண்டாரவளை பாமசிஸ்ட் | அன்றிரவு

தங்கச்சி, அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள்.